சித்திரை இடிமழையும் வைகாசிக் காற்றும் ஒன்றல்ல

கேள்வி: ஐயா, கொழும்பு மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போடுகிறேன். நிலம் சூடானால் கடலில் இருந்து காற்று வந்து மழை பெய்யும், அதுதான் பருவக்காற்று என்று மகளின் புவியியல் ஸ்லைட்டில் இருக்கிறது. இங்கே ஏப்ரலில்தான் வெயில் கொளுத்துகிறது, பின்னேரம் மழையும் வருகிறது. அப்போ மொன்சூன் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறதா? அதை நம்பி விதைக்கலாமா?

பதில்: ஏப்ரலில் விதைக்கலாம் அம்மா. ஆனால் அது மொன்சூன் மழை இல்லை.

ஸ்லைட் சொல்லும் காரணம் சரிதான். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க, அதே அளவு காய்ந்த மண்ணுக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம் வேண்டும். கடலில் அந்த வெப்பம் ஆழத்துக்கும் கலந்துவிடும். அதனால் தரை முந்திச் சூடாகிறது, அதன் மேல் காற்று இலேசாகி எழுகிறது, கடற்காற்று அங்கே இழுபடுகிறது. அந்த ஸ்லைட்டில் விடுபட்டது, எந்த நிலம் என்பதுதான். ஏப்ரலில் சூரியன் நம் தலைக்கு நேரே வரும்போது சூடாவது இந்தச் சின்னத் தீவு. அதனால் வருவது பகல் கடற்காற்றும் பின்னேர இடிமழையும்தான்; பொழுது சாய்ந்தால் அந்த இழுப்பு அடங்கிவிடும்.

மொன்சூனை இழுப்பது ஆசியாக் கண்டம். வட இந்தியாவும் அதற்கு அப்பால் உள்ள பெரும் நிலமும் மே, ஜூனில் காய்ந்து சூடேறும்போது, இந்து சமுத்திரத்தின் தென்பாதிக் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டி வருகிறது. பூமி சுழல்வதால் அது வலப்பக்கம் வளைந்து தென்மேற்கில் இருந்து வீசுகிறது. மகளிடம் ஸ்லைட்டில் அம்புக்குறியை நேராகப் போடாமல் ரேகையைத் தாண்டியதும் வளைத்துப் போடச் சொல்லுங்கள். இது நம் ஊரில் பெரும்பாலும் மே மாதக் கடைசியில் ஊன்றும்.

இரண்டையும் முற்றத்தில் நின்றே பிரித்துவிடலாம். காலை வானம் தெளிவாக இருந்து, மூன்று மணிக்குப் பிறகு கறுத்து இடித்தால் அது இடைப்பருவ மழை. இடி குறைந்து, விடியும்போதே மேகம் மூடி, இரவிலும் ஓயாமல் தென்மேற்குக் காற்று வீசினால் மொன்சூன் வந்துவிட்டது.

தண்டுக்கீரையை ஏப்ரல் முதல் வாரத்தில் விதைத்தால் நாலு வாரத்தில் பிடுங்கலாம், மொன்சூனுக்கு முந்திவிடும். உங்களுக்கு ஆபத்து அந்தப் பின்னேர மழையின் வேகம்தான். கடுகைவிடச் சிறிய விதை, ஒரே மழையில் பாத்தியின் ஓரத்துக்கு அள்ளுப்பட்டுப் போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே தென்னோலை பரப்பி, ஓலை மீதே தண்ணீர் தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே ஓலையை எடுத்துவிட வேண்டும், பிந்தினால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

டிசம்பரில் கண்டம் குளிர்ந்துவிடுவதால் காற்று திரும்பி வடகிழக்கில் இருந்து வருகிறது. வங்கக் கடலில் அள்ளிய ஈரத்தை அது கிழக்கிலும் வடக்கிலும் மலைச்சரிவிலும் இறக்கிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கொழும்புக்கு மிச்சம் குறைவு. ஜனவரி, பெப்ரவரிப் பாத்திக்குக் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் விதைக்க வேண்டும்.