“சரி சார்” என்கிறார், மறுபடியும் அதே தப்பு

கேள்வி: ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் என் கீழே ஆறு பேர். ஒருவர் மட்டும் மூன்று மாதமாகத் தேதி தவறுகிறார். நாலைந்து தடவை சொல்லியாகிவிட்டது. “சரி சார்” என்கிறார், அடுத்த மாதமும் அதேதான். என்ன செய்யலாம்?

பதில்: “கொஞ்சம் பொறுப்பா பாருங்க” என்று சொல்லியிருந்தால், அதற்கு “சரி சார்” தவிர வேறு பதில் கிடையாது. எந்த வேலை, எந்தத் தேதி என்று அதில் ஒன்றுமில்லை.

முதலில் கடந்த இரண்டு மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வாடிக்கையாளர், எத்தனை நாள் தாமதம், எந்த பில் விடுபட்டது. பிறகு தனி அறையில் அரை மணி நேரம் பேசுங்கள். தாக்கலுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம். அந்த நெருக்கடியில் எதைச் சொன்னாலும் திட்டாகத்தான் காதில் விழும். “போன மாசம் மூணு பேரோட ஜிஎஸ்டிஆர்-1 12ஆம் தேதிக்கு மேலதான் போச்சு. எங்கே நின்னுபோச்சு?” என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள். நம்மில் பலர் இங்கேதான் அறிவுரையில் இறங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறோம்.

வாடிக்கையாளர் 9ஆம் தேதிதான் பில் அனுப்புகிறார், போன் செய்து கேட்க இவருக்குத் தயக்கம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. 3ஆம் தேதி நினைவூட்ட வேண்டியது அவர் வேலை. 6ஆம் தேதிக்குள் பில் வராவிட்டால் வாடிக்கையாளரிடம் பேசுவது உங்கள் வேலை.

பேசிய அன்றே மெயில் அனுப்புங்கள். மூன்று வரி போதும்: விற்பனை பில் பதிவு 8ஆம் தேதி முடிய வேண்டும், ஜிஎஸ்டிஆர்-1 வரைவு 9ஆம் தேதி மாலை என்னிடம் வர வேண்டும், 14ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய பில்களின் விவரமான 2பி வந்ததும் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தாத பில்களின் பட்டியல் 17ஆம் தேதிக்குள் வேண்டும். நீங்கள் ஏற்ற பொறுப்பையும் அதிலேயே எழுதி, “விடுபட்டது இருந்தால் சேர்த்து பதில் போடுங்கள்” என்று கேளுங்கள்.

இந்த வேலை மாதச் சுழற்சி என்பதால் 30 நாள் கெடு வைத்தால் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். இரண்டு மாதம் கொடுங்கள். வாரம் ஒரு நாள், 15 நிமிடம், அதே மூன்று வரியை வைத்துப் பாருங்கள். முதல் மாதம் சரியாகப் போனது என்று இரண்டாம் மாதம் விட்டுவிடாதீர்கள். 19ஆம் தேதி இரவு அவர் தப்பை நீங்களே திருத்தவும் கூடாது; அவரை அருகில் உட்காரவைத்து அவர் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள்.

அப்படியும் தேறவில்லையா? தேதி நெருக்கடி இல்லாத வேறு வேலை இருந்தால் மாற்றிப் பாருங்கள். வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்றால், பணி நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும் இடத்தில் தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. காரணத்தைக் காட்ட வேண்டி வந்தால் அந்த மெயிலும் வாரக் குறிப்புகளும்தான் உங்கள் கையில் இருக்கும்.