தம்பியின் குரலில் காசு கேட்டு வந்த கோல்

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் என் தம்பியின் குரலில் அம்மாவுக்குக் கோல் வந்தது. "வாகனம் இடிச்சிட்டன், பொலிஸ் பிடிச்சிட்டாங்க, என்ட போன் உடைஞ்சிட்டுது, அக்காட்ட சொல்லாதீங்க" என்று அழுகை. இங்குள்ள ஒருவரின் கணக்கில் 3 லட்சம் போட வேண்டுமாம். அம்மா நகையை அடகு வைக்கப் புறப்பட்ட நேரத்தில் உண்மையான தம்பி எடுத்ததால் தப்பினோம். இனி எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். சில வினாடிப் பேச்சு கிடைத்தாலே அதே குரலில் பேசவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. தம்பி டிக்டொக்கில் போட்ட ஒரு வீடியோ போதும். எங்காவது குரல் பிசகினாலும் அழுகையும் இரைச்சலும் மறைத்துவிடும்.

அவர்கள் சொன்ன கதையைப் பாருங்கள். போன் உடைந்தது என்றால் அம்மா திருப்பி எடுக்கமாட்டார். அக்காவிடம் சொல்லாதே என்றால் யாரையும் கேட்கமாட்டார். முன்பின் தெரியாத ஆளின் கணக்கும் உண்டியலில் காசு வந்து பழகிய நம் பக்கத்தில் சந்தேகத்தைத் தராது.

ஆகவே ஒரே பழக்கம்: கோலை வைத்துவிட்டு நீங்களே திருப்பி எடுங்கள். திரையில் தம்பியின் பெயரே விழுந்தாலும் அப்படித்தான், இலக்கத்தைப் போலியாகக் காட்ட முடியும். வட்ஸ்அப்பில் எடுக்க வேண்டாம். அந்தக் கணக்கைக் களவெடுத்திருந்தால் கோல் கள்வனுக்கே போகும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள இலக்கத்துக்குச் சாதாரண கோல் எடுங்கள், செலவானாலும் பரவாயில்லை. இங்கே பிற்பகல் 3 மணி என்றால் அங்கே 12.30, தம்பி வேலையில் இருப்பார், எடுக்காமல் போகலாம். அதற்காக அறைத் தோழர் ஒருவரின் இலக்கத்தையும் வேலையிடத்துப் பொறுப்பாளரின் இலக்கத்தையும் இப்போதே வாங்கி, தாளில் பெரிதாக எழுதி அலுமாரியில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல்லும் வைக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஊர்க் கோயில் எதுவும் வேண்டாம், அவை பேஸ்புக்கில் கிடக்கும். தம்பி லீவில் வரும்போது நேரில் பேசி முடிவெடுங்கள், மெசேஜில் எழுதாதீர்கள். ஆனால் பதற்றத்தில் உண்மையான தம்பிக்கே சொல் மறந்து போகலாம். அப்போதும் திருப்பி எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இதில் பெரிய தடை அம்மாவின் மனம். அழுகிற பிள்ளையிடம் "நீ யார்?" என்று எந்தத் தாய்க்கும் கேட்க வராது. அதனால் தம்பியே அவரிடம் சொல்லி வைக்க வேண்டும்: "நான் காசு கேட்டா கட்டாயம் அந்தச் சொல்லைக் கேளுங்கம்மா, கோவிக்கமாட்டன்." சும்மா செலவுக்காசு கேட்கிற நாளிலும் கேட்டுப் பழகினால்தான் அவசரத்தில் வாயில் வரும்.

ஒருவேளை காசு போய்விட்டால், ஒன்லைன் பரிமாற்றம் சில வினாடிகளில் மற்ற வங்கிக்குச் சேர்ந்துவிடும், உங்கள் வங்கி தன் இஷ்டத்துக்கு அதைத் திருப்பி எடுக்க முடியாது. அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், பரிமாற்ற இலக்கத்துடன் வங்கியின் அவசர இலக்கத்துக்கு உடனே சொல்லி, காசு போன கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் வந்த இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.