கேஸ் ஸ்டடியைச் சுருக்கும்போது நிலைமையைக் கடைசியில் எழுதுங்கள்

கேள்வி: எம்.பி.ஏ. முதல் வருடம் படிக்கிறேன். கேஸ் ஸ்டடியை நிலைமை, அலசல், மாற்று வழிகள், பரிந்துரை என்று இரண்டு பக்கத்தில் சுருக்கித் தரச் சொல்கிறார்கள். நான் எழுதினால் கதைச் சுருக்கமாகவே முடிகிறது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

படிப்பவர் நிலைமையிலிருந்துதான் தொடங்குவார். எழுதுகிறவர் அங்கே தொடங்கக் கூடாது. நான் மாணவப் பருவத்தில் கேஸின் முதல் பத்தியிலிருந்தே சுருக்க ஆரம்பிப்பேன். நிறுவனம் எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள், எப்படி வளர்ந்தது என்று ஒன்றரைப் பக்கம் போய்விடும், பரிந்துரைக்கு நான்கு வரிதான் மிஞ்சும். ஒருமுறை ஆசிரியர் அந்த நான்கு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "இங்கிருந்து தொடங்கு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவில் நெட்ஃப்ளிக்ஸுக்கு மாதம் 9.99 டாலர் கட்டினால் தபாலில் ஒரு நேரத்தில் ஒரு டிவிடி வரும், கூடவே ஸ்ட்ரீமிங்கும் உண்டு. ஸ்ட்ரீமிங் மட்டும் போதும் என்றால் 7.99. டிவிடிக்கு இரண்டே டாலர் கூடுதல் என்று அர்த்தம். அந்த ஜூலையில் நிறுவனம் இதைப் பிரித்தது: டிவிடி 7.99, ஸ்ட்ரீமிங் 7.99, இரண்டும் வேண்டுமென்றால் 15.98.

நான் முதலில் எழுதுவது ஒரே ஒரு வாக்கியம். யார், எந்தத் தேதியில், எதை முடிவு செய்ய வேண்டும்? இங்கே அது: "2011 ஜூலை தொடக்கத்தில், தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸின் நிர்வாகம், 9.99 டாலர் கூட்டுத் திட்டத்தைப் பிரிக்க வேண்டுமா. பிரித்தால் யாருக்கு, எப்போதிலிருந்து?" இதில் தேதிக்குத்தான் வேலை அதிகம். அடுத்த மூன்று மாதத்தில் அமெரிக்கச் சந்தாதாரர்கள் சுமார் 2.46 கோடியிலிருந்து 2.38 கோடியாகக் குறைந்தார்கள். டிவிடி பிரிவுக்கு குவிக்ஸ்டர் என்று தனிப்பெயர் வைப்பதாக செப்டம்பரில் அறிவித்து, அக்டோபரிலேயே கைவிட்டார்கள். இவையெல்லாம் நமக்குத் தெரியும், ஜூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. உங்கள் அலசலில் "வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள்" என்று ஒரு வரி வந்துவிட்டால், பின்னால் நடந்ததை முன்னாலேயே உள்ளே விட்டுவிட்டீர்கள். "60 சதவீத உயர்வு, பழைய சந்தாதாரர்களுக்கு ஏழே வாரத்தில் அமல்" என்று எழுதினால் சரி, அது அன்றே தெரிந்த விஷயம்.

அப்புறம் மாற்று வழிகள். ஒன்று, 9.99-ஐ அப்படியே விடுவது. இரண்டு, எல்லோருக்கும் உடனே பிரிப்பது. மூன்று, புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் பிரித்து, இருப்பவர்களுக்குச் சில காலம் பழைய விலையைத் தொடர்வது. "விளம்பரத்தைக் கூட்டலாம்", "வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்தலாம்" என்று பலர் நான்காவது, ஐந்தாவது வழி சேர்ப்பார்கள். அவை மேலே சொன்ன மூன்றில் எதோடும் சேர்ந்து நடக்கக்கூடியவை, அதனால் மாற்று வழி ஆகாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும், அப்படி இருந்தால்தான் பட்டியலில் வைப்பேன். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், அதை எப்போதும் நேர்மையாக எழுதுங்கள்.

இனி அலசல். பெரும்பாலான சுருக்கங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. நிறை, குறை, வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பிவிட்டால் அலசிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டங்களிலிருந்து எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று எதுவும் கீழே இறங்கி வராது. அதற்குப் பதில், முடிவு எந்த ஒரு விஷயத்தைப் பொறுத்து மாறும் என்று பாருங்கள். இந்தக் கேஸில் அது, 9.99 கட்டுபவர்களில் எத்தனை பேர் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள் என்பது.

நூறு பேரை எடுத்துக்கொள்வோம். இன்று அவர்களிடமிருந்து வருவது மாதம் 999 டாலர். பிரித்த பிறகு ஒருவரும் விலகாமல், 25 பேர் இரண்டையும் வைத்துக்கொண்டு, 75 பேர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் வருவது 998.75. கிட்டத்தட்ட அதே பணம். பத்து பேர் விலகிவிட்டால்? அப்போது 35 பேர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும், 55 பேர் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். விலகும் ஒவ்வொருவருக்கும் ஈடாக இன்னொருவர் 15.98 கட்டச் சம்மதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நிறுவனத்தின் துணிச்சல் எதன்மேல் நிற்கிறது என்று இந்த ஒரு கணக்கு காட்டிவிடுகிறது. இது வருமானக் கணக்கு மட்டுமே, லாபக் கணக்கு இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். டிவிடியை விடுபவரால் நிறுவனத்துக்குத் தபால் செலவு மிச்சமாகிறது, அதனால் அவர் போவது முழு நஷ்டமில்லை.

பரிந்துரையில் நான் மூன்றாவது வழியை எடுப்பேன்: புதியவர்களுக்கு உடனே, இருப்பவர்களுக்கு ஓராண்டு கழித்து. காரணம், இரண்டையும் வைத்துக்கொள்வோர் எத்தனை பேர் என்ற எண் நம் கையில் இல்லை, மொத்தச் சந்தாதாரர்களையும் பணயம் வைக்காமல் அதை அறியும் வழி இது. புதிதாகச் சேருபவர்கள் 9.99-க்குப் பழகாதவர்கள், அதனால் அவர்கள் தேர்வு பழையவர்களின் தேர்வுக்கு அப்படியே சமமாகாது. ஆனாலும் ஊகத்தைவிட மேல். இதோடு இரண்டு வரி கட்டாயம் சேர்ப்பேன். இழப்பது என்ன? ஓராண்டுக் கூடுதல் வருமானம், அதுவும் ஸ்டார்ஸ் போன்ற நிறுவனங்களோடு படங்களுக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்படும் நேரத்தில். எதைக் கண்டால் மனதை மாற்றிக்கொள்வேன்? புதியவர்களில் நான்கில் ஒருவர்கூட இரண்டையும் எடுக்கவில்லை என்றால், பழையவர்களுக்கு விலையைத் தொடும் முன் கூட்டுத் தள்ளுபடி ஒன்றை யோசிப்பேன். இந்த இரண்டு வரியும் இல்லாத பரிந்துரை வெறும் விருப்பமாகத்தான் நிற்கும்.

இப்போதுதான் மேலே போய் நிலைமையை எழுத வேண்டும். கீழே பயன்பட்ட தகவல் மட்டும் அங்கே வரலாம். ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் விரலை வைத்து, இது அலசலிலோ பரிந்துரையிலோ எங்கே வருகிறது என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள். இந்தக் கேஸுக்கு எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்:

"நெட்ஃப்ளிக்ஸுக்கு அமெரிக்காவில் சுமார் 2.46 கோடி சந்தாதாரர்கள். 9.99 டாலர் கூட்டுத் திட்டத்தில் டிவிடிக்குக் கிடைப்பது 2 டாலர் மட்டுமே, தபால் செலவோ ஒவ்வொரு டிவிடிக்கும் உண்டு. ஸ்ட்ரீமிங்குக்கான பட ஒப்பந்தங்கள் சில விரைவில் முடிகின்றன, புதுப்பிக்கப் பணம் வேண்டும். கூட்டுத் திட்டத்தைப் பிரிப்பதா, யாருக்கு, எப்போது என்று நிர்வாகம் 2011 ஜூலையில் முடிவு செய்ய வேண்டும்."

நிறுவனம் 1997-ல் தொடங்கியது என்ற வரியும் என் முதல் வரைவில் இருந்தது. கீழே எங்கும் அதற்கு வேலை வரவில்லை, எடுத்துவிட்டேன்.