கை கால் இழுக்காமலும் பாரிசவாதம் வரும்

*"அம்மாவுக்கு 67 வயது. பத்து நாளைக்கு முன் காலையில் எழும்பியதிலிருந்து விடாமல் கதைக்கிறா, ஆனால் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் சொல்வதும் அவவுக்கு விளங்குவதாகத் தெரியவில்லை. கை கால் நல்லாக இயங்குது, தானே குளித்துச் சாப்பிடுகிறா. அயலில் மனநோய் என்கிறார்கள். யூடியூப்பில் அல்சைமர் என்றார்கள். நரம்புச் சத்துக் குளிசை வாங்கிக் கொடுக்கிறோம். பாரிசவாதம் என்றால் கை கால் இழுத்திருக்க வேண்டும்தானே? இரவில் கால் விறைக்குது, இடைக்கிடை நெஞ்சு படபடக்குது என்றும் முன்பு சொல்லியிருக்கிறா. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, டொக்டர்?"*
— ஒரு மகள், கொக்குவில்

இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்மாவின் புத்தி போகவில்லை, மொழிதான் போயிருக்கிறது. இதுவும் பாரிசவாதமாகத்தான் தெரிகிறது. இன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பத்து நாள் பொறுத்தோம், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். ஒரு தடவை அடைத்த இரத்தக் குழாய்க்குப் பின்னால் இரண்டாவது அடைப்பு வரக்கூடிய காலம் இது.

கை கால் இழுக்காததால்தான் எல்லோரும் ஏமாந்திருக்கிறீர்கள். மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் மேல் கிளை, கீழ்க் கிளை என்று இரண்டாகப் பிரிகிறது. தோட்டத்தில் வாய்க்காலின் ஒரு கிளையில் மண் அடைத்தால் அந்தப் பக்கத்துப் பாத்தி மட்டும் காய்வதுபோலத்தான் இதுவும். மேல் கிளை நெற்றிப் பக்கத்துக்குப் போகிறது. பேச்சை உண்டாக்கும் இடமும் வலது முகத்தையும் கையையும் அசைக்கும் இடமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அது அடைத்தால் வாய் கோணும், வலது கை சோரும். பேச்சும் 'தண்ணி... மகள்... வேணும்' என்று ஒவ்வொரு சொல்லாக, பெரும் பிரயாசைப்பட்டுத்தான் வரும். மற்றவர் சொல்வது பெரும்பாலும் விளங்கும். தன்னால் பேச முடியவில்லை என்பது தெரிவதால் அழுவார்கள். புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் விவரித்த அஃபேசியா என்ற மொழி இழப்பு இதுதான். இப்படி வந்தால் வீட்டார் யாரும் தாமதிப்பதில்லை.

கீழ்க் கிளை காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும் பகுதிக்குப் போகிறது. கேட்ட சொல்லுக்குப் பொருள் பிடிக்கும் இடம் அது. அங்கே அடைத்தால் கை காலுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பேச்சும் தடங்கலில்லாமல் ஓடும், ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே சரக்குத்தான் இருக்காது. 'அந்தத் தொப்பையை நேற்றுக்குள்ள வச்சிட்டன், அவையள் வரேக்க கழுவினால் சரிதானே' என்பதுபோல. வசனம் வசனமாகத்தான் வருகிறது, ஆனால் சொல் மாறிப்போயிருக்கிறது. சில நேரம் இல்லாத சொல்லே பிறக்கும். 1874இல் இதை எழுதிய ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கேயின் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். இவர்களில் பலருக்குத் தாங்கள் பிழையாகப் பேசுவது தெரியாது. மற்றவர்கள்தான் வேண்டுமென்று விளங்காததுபோல நடிக்கிறார்கள் என்று கோபப்படுவார்கள். உங்கள் அயலவர் கண்ட 'மனநோய்' இதுவாகத்தான் இருக்கும்.

வாட்டில் இதைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. முதலில் பேச்சு ஓடுகிறதா, முக்கி முக்கி வருகிறதா என்று கேட்போம். அப்புறம் விளங்குகிறதா என்று பார்ப்போம். இங்கேதான் வீட்டார் தவறுவது. 'வாங்கோ அம்மா, சாப்பிடுங்கோ' என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் கையும் முகமும் பாதியைச் சொல்லிவிடும். 'எழும்புங்கோ', 'கண்ணை மூடுங்கோ' போன்ற கட்டளைகளைச் சொல் விளங்காதவர்கள்கூடச் செய்துவிடுவதுண்டு. அதனால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, 'திறப்பைத் தொட்டுவிட்டுப் பேனையைக் காட்டுங்கோ' என்று சொல்லிப் பார்ப்போம். உங்கள் அம்மா சிரித்துக்கொண்டு வேறு ஏதோ கதை சொல்வார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, திருப்பிச் சொல்ல வைப்பது. 'நேற்று மழை பெய்ததால் சந்தைக்குப் போகவில்லை' என்று சொல்லி, அதையே சொல்லச் சொல்வோம். புரோக்கா, வெர்னிக்கே இரண்டிலும் இது முடியாது. விளங்குகிறது, பேச்சும் ஓடுகிறது, திருப்பிச் சொல்லும்போது மட்டும் இடறுகிறது என்றால், பழுது இந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் நரம்புப் பாதையிலோ அதன் பக்கத்திலோ இருக்கிறது. நேர்மாறாக, சொன்னதன் பொருள் விளங்காமலே முழு வசனத்தையும் அப்படியே திருப்பிச் சொன்னால் இந்த மொழி வட்டம் தப்பியிருக்கிறது, பழுது அதன் வெளி ஓரத்தில். அப்போது கழுத்து இரத்தக் குழாய் ஒடுங்கியிருக்கிறதா, பிறசர் திடீரென்று விழுந்ததா என்றும் தேடுவோம். எதுவும் விளங்காமல், பேச்சும் வராமல், திருப்பிச் சொல்லவும் முடியாவிட்டால் மேல் கிளை, கீழ்க் கிளை இரண்டின் பகுதிகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. இந்த வரைபடம் எல்லோருக்கும் அச்சொட்டாகப் பொருந்தாது. நாள் போகப் போக ஒரு வகை இன்னொன்றாக மாறுவதும் உண்டு. ஆனாலும் ஸ்கான் எடுக்குமுன் எங்கே பார்க்க வேண்டும் என்று இது சொல்லிவிடும்.

மனநோயில் எண்ணம் விசித்திரமாக இருக்கும், ஆனால் சீப்பைக் காட்டினால் சீப்பு என்பார்கள், சொன்ன வசனத்தைத் திருப்பிச் சொல்வார்கள். அல்சைமர் ஒரு காலையில் தொடங்குவதில்லை, மாதக் கணக்கில் ஊர்ந்து வரும். அந்த யூடியூப்காரருக்கு உங்கள் அம்மா 'திடீரென்று' இப்படி ஆனது தெரியாது. ஒரு விஷயம் மட்டும்: சீனி குறைந்தாலும் கிருமித் தொற்று வந்தாலும் வயதானவர்கள் திடீரென்று குழம்புவார்கள். அதுவும் வைத்தியசாலையில் பார்க்க வேண்டியதுதான், வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதல்ல.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய நெஞ்சுப் படபடப்புத்தான் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப்பட்டது. இதயம் ஒழுங்கில்லாமல் துடித்தால் அதன் மேலறையில் இரத்தம் தேங்கிச் சிறு கட்டியாகும். அது கிளம்பிப் போய் மூளைக் குழாயின் கிளை ஒன்றை அடைக்கும். வெர்னிக்கே வகையில் நாங்கள் முதலில் சந்தேகிப்பதே இதைத்தான். ஒரு ஈ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம், அதனால் 24 மணி நேரப் பதிவும் கேட்பார்கள். அது உறுதியானால் இரத்தம் உறையாமலிருக்க வேறு குளிசை வேண்டும், அஸ்பிரின் போதாது. அதற்காக வீட்டிலிருந்து எதையும் தொடங்காதீர்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று சி.ரி. ஸ்கான் சொன்ன பிறகுதான் எந்தக் குளிசையும், எந்த நாளில் தொடங்குவது என்பதும். நரம்புச் சத்துக் குளிசையை நிறுத்துங்கள், அது இந்த வருத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. நித்திரைக் குளிசை கொடுத்து அடக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்கவே வேண்டாம். கால் விறைப்பைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

மற்ற வாசகர்களுக்கு: நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென்று அர்த்தமில்லாமல் பேசினால், வாய் கோணவில்லை, கை சோரவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அது நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. இந்தக் கொக்குவில் அம்மாவைப் போல எழும்பும்போதே இப்படி என்றால் இரவு படுக்கப் போன நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

வாட்டில் நிற்கும்போது அம்மாவிடம் சத்தமாகக் கத்தாதீர்கள், அவருக்குக் காது கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சின்ன வசனம், பொருளைக் கையில் எடுத்துக் காட்டி. பிழையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று முதல் கிழமையிலேயே வாட் டொக்டரிடம் கேளுங்கள். போகும்போது அவர் பாவிக்கும் குளிசைகள் அத்தனையையும், பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.