வார இறுதியில் தாமதமாகத் தூங்குவதும் திங்கட்கிழமைக் களைப்பும்

கேள்வி: வேலை நாட்களில் இரவு 11.30-க்குப் படுத்து, காலை 6 மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். வெள்ளி, சனி இரவுகளில் தூங்க 2.30 ஆகிவிடுகிறது, மறுநாள் 10.30 வரை தூங்குகிறேன். ஞாயிறு இரவு எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வருவதில்லை; திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தலை கனத்துக் கிடக்கிறது. விடுமுறைத் தூக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

பதில்: அடியோடு விட வேண்டியதில்லை, அப்படிச் செய்தால் வேறொரு சிக்கல் வரும். உங்கள் விடுமுறைத் தூக்கத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, வாரம் முழுவதும் குறைத்துக்கொண்ட தூக்கத்தை உடல் ஈடுகட்டுவது. மற்றொன்று, தூங்கும் நேரமே பின்னுக்கு நகர்ந்துவிடுவது. முதலாவது உடலுக்குத் தேவையானது, இரண்டாவதுதான் திங்கட்கிழமையைக் கெடுக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை எவ்வளவு குறைக்கலாம் என்பது தெரியும்.

இந்த நகர்வுக்கு ‘சமூக ஜெட் லேக்’ என்ற பெயரைத் தந்தவர்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆய்வு செய்த டில் ரோன்னபெர்க்கும் அவருடைய குழுவினரும்; அது 2006-ஆம் ஆண்டு. அதை அளக்க அவர்கள் படுக்கும் நேரத்தையோ எழும் நேரத்தையோ தனியாகப் பார்ப்பதில்லை, தூக்கத்தின் நடுப்புள்ளியைப் பார்க்கிறார்கள். வேலை நாட்களில் 11.30 முதல் 6 வரை தூங்கும் உங்களுக்கு நடுப்புள்ளி அதிகாலை 2.45. விடுமுறையில் 2.30 முதல் 10.30 வரை தூங்குவதால் அது காலை 6.30-க்குப் போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையே 3 மணி 45 நிமிடம். மூன்று, நான்கு நேர வலயங்களைத் தாண்டி மேற்கே பறந்துபோய், ஞாயிறு இரவே திரும்பிவரும் பயணியின் நிலைக்கு இது நிகரானது. மேற்கே போவது உடலுக்கு எளிது, திரும்புவதுதான் கடினம்.

இனி எழும் நேரத்தைப் பாருங்கள். 6 மணிக்கும் 10.30-க்கும் இடையே நாலரை மணி நேரம் இருக்கிறது. இதில் மூன்று மணி நேரம் நீங்கள் தாமதமாகப் படுத்ததால் வந்தது. மீதி ஒன்றரை மணி நேரமே கூடுதல் தூக்கம். அதாவது, 10.30 வரை படுக்கையில் இருந்தாலும் உண்மையில் ஈடுகட்டியது ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரம்தான். இந்த ஒன்றரை மணி நேரத்தை வேலை நாட்களுக்குள்ளேயே பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், 10.30 வரை தூங்க வேண்டிய தேவையே பெருமளவு மறைந்துவிடும்.

ஞாயிறு இரவு தூக்கம் வராததற்கு மன உறுதிக் குறைவோ, மறுநாள் வேலையைப் பற்றிய கவலையோ முதன்மைக் காரணம் இல்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் கூடிக்கொண்டே வரும். வேலை நாளில் 6 மணிக்கு எழுந்து 11.30-க்குப் படுக்கும்போது பதினேழரை மணி நேரம் விழித்திருந்திருப்பீர்கள். ஞாயிறன்று 10.30-க்கு எழுந்து அதே 11.30-க்குப் படுத்தால் 13 மணி நேரம்தான் ஆகியிருக்கும். வழக்கமான நாளோடு ஒப்பிட்டால், மாலை 7 மணிக்கே படுக்கையில் விழுந்து தூங்க முயல்வதற்குச் சமம் இது. இதனுடன் உடலின் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில் அந்தக் கடிகாரம் நம்மை மிகவும் விழிப்பாக வைத்திருக்கும். இரண்டு இரவுகள் 2.30 வரை விழித்திருந்து கடிகாரம் சற்றுப் பின்தங்கியிருக்கையில் 10 மணிக்கே படுத்தால், சரியாக அந்த விழிப்பு நேரத்தில் போய் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆகவே, ஞாயிறன்று முன்னதாகவே படுத்துவிடுவது என்ற பரவலான அறிவுரையை நான் தருவதில்லை. தூக்கம் வராமல் புரளும் நேரம்தான் அதனால் கூடும்.

மனித உடலின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலான சுற்றில் ஓடுகிறது. அதனால் அது தானாகவே பின்னுக்குப் போகும் போக்குடையது. நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது முக்கியமாகக் கண்ணில் படும் வெளிச்சம். இரவில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, காலை வெளிச்சம் முன்னுக்கு இழுக்கிறது. சனி, ஞாயிறு காலைகளை மூடிய திரைக்குள் கழித்துவிட்டு, இரவு 2.30 வரை விளக்கு வெளிச்சத்தில் இருக்கும்போது, முன்னுக்கு இழுக்கும் கை இல்லாமல் போய், பின்னுக்குத் தள்ளும் கை மட்டுமே வேலை செய்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதை வேலை நாட்களிலிருந்து தொடங்குங்கள். வாரம் முழுவதையும் கூட்டினால் இப்போது 48 மணி 30 நிமிடம் தூங்குகிறீர்கள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். முதல் இரண்டு வாரங்கள் விடுமுறை நாட்களைத் தொடவே வேண்டாம். வேலை நாட்களில் படுக்கும் நேரத்தை 11.30-லிருந்து முதலில் 11.15-க்கும், அடுத்த வாரம் 11 மணிக்கும் கொண்டு வாருங்கள். இதற்கு உதவுவது படுக்கையை விட விளக்குதான். 9 மணிக்கு மேல் கூரை விளக்குகளை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மங்கலான ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையின் ஒளியையும் குறைத்துவிடுங்கள். காபி, தேநீரைப் பிற்பகல் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும். அதுவும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளக்கூடியது.

மூன்றாவது வாரத்திலிருந்து விடுமுறைக் காலைகளைத் தொடலாம். 10.30 என்பதை 9.45 ஆக்குங்கள், அடுத்த வாரம் 9, பிறகு 8.15, பிறகு 7.30. எழுந்த அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வெளியே வந்து, குறைந்தது 30 நிமிடம் இருங்கள். நடக்கலாம், உட்கார்ந்து படிக்கலாம். சன்னல் ஓரம் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே மேகமூட்டமான பகலிலும் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். சன்னலை விட்டு நாலு அடி உள்ளே வந்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் அந்தக் குறைவை நாம் உணர்வதில்லை. வெளியே இருக்கும்போது சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையிருக்காது.

படிப்படியாக ஏன் போக வேண்டும், முதல் சனிக்கிழமையே 6 மணிக்கு எழுந்து வெயிலில் நின்றால் என்ன என்று தோன்றலாம். உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும் ஒரு நேரம் ஒவ்வோர் இரவிலும் உண்டு. அது அலாரம் இல்லாமல் இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு வருகிறது. அதற்குப் பின் படும் வெளிச்சமே கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சத்தை உடல் இரவு வெளிச்சமாகவே எடுத்துக்கொண்டு இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும். கடிகாரம் வெகுவாகப் பின்தங்கியவர்களுக்குக் காலை 6 மணி இன்னும் அவர்களுடைய நள்ளிரவாக இருக்கக்கூடும். திங்கட்கிழமை அலாரம் அடிக்கும்போது நீங்கள் உணரும் அந்தக் கனமும் இதனால்தான்.

எழும் நேரம் முன்னால் வர வர, வெள்ளி, சனி இரவுகளில் 12 மணி அளவிலேயே கண் சொக்கத் தொடங்கும். அப்போது படுத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் தாண்டினால் அந்தச் சொக்கல் கலைந்துவிடும். முடிவில் வேலை நாட்களில் 11 முதல் 6 வரை, விடுமுறையில் 12 முதல் 7.30 வரை என்று அமைந்தால், நடுப்புள்ளிகள் 2.30, 3.45 ஆகின்றன, இடைவெளி 1 மணி 15 நிமிடமாகச் சுருங்குகிறது. விடுமுறையில் மூன்று மணி நேரம் முன்னதாக எழுந்தும், வாரத்தின் மொத்தத் தூக்கம் 50 மணி நேரமாகக் கூடியிருக்கிறது. இடைவெளியைச் சுழியம் ஆக்க நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரு மணி நேர அளவிலான வேறுபாட்டைப் பெரும்பாலானோரின் உடல் தாங்கிக்கொள்ளும்.

நிகழ்ச்சி, பயணம் என்று ஏதோ ஒரு சனிக்கிழமை இரவு 2 மணி ஆகிவிடத்தான் செய்யும். அன்று இழந்ததை மறுநாள் காலையில் தேடாதீர்கள். வழக்கமாக எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடாமல், 8.30-க்குள் எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டு, மதியம் 3 மணிக்கு முன் ஒன்றரை மணி நேரம் வரை தூங்கிக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் மதியத் தூக்கம் 20 முதல் 30 நிமிடத்துக்குள் இருக்கட்டும். மாலையில் தூங்கினால் ஞாயிறு இரவுக்குச் சேர்த்து வைத்த அழுத்தம் வீணாகிவிடும். ஞாயிறன்று 11 மணிக்குத் தூக்கம் வரவில்லையெனில் மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கிய பிறகு படுங்கள். திங்கட்கிழமை எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். சரியாகத் தூங்காத மறுநாள் காலை வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மாற்றம் பிடிக்கிறதா என்பதை இரண்டு அடையாளங்களால் அறியலாம். ஞாயிறு இரவு படுத்து அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிட்டால் கடிகாரம் முன்னால் வந்துவிட்டது. விடுமுறையில் அலாரம் இல்லாமல் விட்டாலும் வேலை நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவில்லையெனில் தூக்கக் கடன் தீர்ந்துவிட்டது. முதலாவது நடந்து இரண்டாவது நடக்கவில்லையானால், உங்களுக்கு 7 மணி நேரம் போதவில்லை என்று பொருள்; வேலை நாட்களில் இன்னும் 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வேண்டும். இளவயதினருக்கு இது சற்றுக் கடினமாகவே இருக்கும். இருபது வயதை ஒட்டித்தான் உடலின் கடிகாரம் மிகவும் பின்தங்கி ஓடுகிறது. அதன் பிறகு வயது ஏற ஏற அது மெல்ல முன்னால் வருகிறது.

எட்டு வாரம் இப்படிக் கடைப்பிடித்தும் 2 மணிக்கு முன் தூக்கமே வராமல், நீண்ட விடுமுறையில் தானாகவே 3 முதல் 11 வரை நன்றாகத் தூங்குகிறீர்கள் என்றால், அது பழக்கத்தால் வந்ததாக இல்லாமல் தாமதத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மெலடோனினும் ஒளிச் சிகிச்சையும் உண்டு. அவற்றைக் கொடுக்கும் நேரம் தவறினால் பலன் எதிராகிவிடும் என்பதால், நீங்களாகத் தொடங்காமல் தூக்க மருத்துவரைப் பாருங்கள். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் தூக்கத்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது, உரத்த குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது ஆகியவை இருந்தால் வார இறுதிப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.