கெண்டைக்கால் வளரவில்லையா? கீழ்ப் பாதியைப் பாருங்கள்

"ஆறு மாசமா நின்னுகிட்டு காஃப் ரெய்ஸ் 20 முறை பண்றேன், எடையும் ஏத்தியாச்சு. கெண்டைக்கால் அப்படியே இருக்கு. லெங்தன்ட் பார்ஷியல் உதவுமா?"

உதவும். தசை நீண்டிருக்கும் பாதியில் மட்டும் செய்வதுதான் அது. படியின் விளிம்பில் நின்று, குதிகால் படிக்குக் கீழே முழுசாக இறங்கிய நிலையிலிருந்து பாதம் சமமாகும் வரை மட்டும் ஏறுங்கள். நுனிக்காலில் நிற்கும் மேல் பாதி வேண்டாம். முழங்கால் நேராக இருக்கட்டும். மடக்கினால் கெண்டையின் பெரிய தசை தளர்ந்துவிடும்.

நீங்கள் கீழே போய்த் துள்ளி எழுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் ஸ்பிரிங் மாதிரி பாதி வேலையைச் செய்துவிடும்.

சோதிக்க, அதே எடையில் ஒவ்வொரு முறையும் அடியில் இரண்டு நொடி நில்லுங்கள். 20 என்பது 11, 12 ஆகச் சரிந்தால் அதுதான் காரணம். எடையைக் குறைத்து, அந்த நிறுத்தத்தோடு 12 முதல் 15 வரை, மூன்று செட், வாரம் இரண்டு நாள் போதும். தினமும் வேண்டாம்.

தொடையின் பின்பக்கத்துக்கும் இதே கணக்குதான்: படுத்துச் செய்யும் லெக் கர்லை விட உட்கார்ந்து செய்வது மேல், இடுப்பு மடங்கும்போது அந்தத் தசை நீண்டுவிடுகிறது. மார்புக்கு டம்பெல் பிரஸ்ஸில் ஆழமாக இறங்கினாலே போதும். தோளின் முன்பக்கம் குத்தினால் ஆழத்தைக் குறையுங்கள்.

முதல் வாரம் ஒரே செட். இதைச் செய்த பிறகு வரும் தசை வலி வழக்கமானதை விட மோசம், படி இறங்கும்போது தெரியும். அப்புறம், வலி தசையில் இல்லாமல் குதிகால் எலும்பை ஒட்டி வந்தால் படிக்குக் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டுத் தரையில் செய்யுங்கள்.