சங்கத்துக்குத்தான் வரிச் சலுகை, உங்கள் வட்டிக்கு இல்லை

கேள்வி: நான் 30% வரி வரம்பில் இருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் இன்னும் 7 லட்சம் பாக்கி, வட்டி 11%. இரண்டு வருடம் முன்பு கைக்கு வந்த 6 லட்சத்தை, எங்கள் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் 10% வட்டிக்கு டெபாசிட் போட்டேன். மைத்துனர் அங்கே நிர்வாகக் குழுவில் இருக்கிறார். "சங்கத்துக்கு வரியே கிடையாது, அதனால் உனக்கும் கிடையாது. வங்கி வரி கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தருகிறது. வரியில்லாத 10% என்றால் வங்கியில் 14.5% வாங்கியது மாதிரி" என்றார். டி.டி.எஸ். எதுவும் பிடிக்கவில்லை, நானும் ரிட்டர்னில் காட்டவில்லை. இப்போது இன்னும் 3 லட்சம் போடச் சொல்கிறார். சங்கத்துக்கு ஏன் வரி இல்லை என்பதே எனக்குப் புரியவில்லை. போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டதையும் எடுத்துக் கடனை அடையுங்கள். உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். சங்கத்துக்கு வரிச் சலுகை இருப்பது நிஜம். அது ஏன் இருக்கிறது என்று புரிந்துகொண்டால், உங்கள் வட்டிக்கு அது ஏன் வராது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவரிடம் வட்டி வசூலிக்கிறது, செலவு போக மிஞ்சியதை லாபமாகப் பங்குதாரருக்குக் கொடுக்கிறது. கடன் வாங்கியவர் ஒருவர், லாபம் பார்ப்பவர் வேறொருவர். அந்த லாபத்துக்கு அரசு வரி கேட்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நாணயச் சங்கத்தில் கடன் வாங்குபவரும் உறுப்பினர், டெபாசிட் போடுபவரும் உறுப்பினர், வருடக் கடைசியில் உபரி இருந்தால் அதற்குச் சொந்தக்காரரும் அதே உறுப்பினர்கள்தான். உறுப்பினர்களுக்கு 12% வட்டிக்குக் கடன் கொடுத்து, செலவெல்லாம் போக 1% மிஞ்சுகிறது என்றால், உண்மையில் 11% வாங்கியிருந்தாலே போதுமாக இருந்தது என்றுதான் அர்த்தம். முதலிலேயே 11% என்று வைத்திருந்தால் உபரியே இருந்திருக்காது, வரி என்ற பேச்சும் வந்திருக்காது. முன்ஜாக்கிரதையாகக் கொஞ்சம் கூட வசூலித்ததை லாபம் என்று சொல்லி வரி போடுவது சரியா என்பதுதான் கேள்வி. ஒருவர் தன்னிடமிருந்தே லாபம் சம்பாதிக்க முடியாது என்ற இந்த வாதத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1889-லேயே, உறுப்பினர்களே சொந்தக்காரர்களான ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. பரஸ்பரக் கோட்பாடு என்று வரிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டில் இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1904-ல் கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்ததே விவசாயியையும் சின்ன வருமானக்காரரையும் கந்துவட்டியிலிருந்து மீட்கத்தான். அங்கே பங்கு அதிகம் வைத்திருப்பவருக்கு அதிக ஓட்டு என்று கிடையாது, ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்குக்குக் கொடுக்கும் ஈவுக்கும் உச்சவரம்பு உண்டு. உபரியில் ஒரு பகுதி கட்டாயமாகக் காப்பு நிதிக்குப் போகிறது, அதை யாரும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. வெளியே போய்ப் பங்குச் சந்தையில் பணம் திரட்டவும் வழியில்லை. அதனால் அந்த உபரி உள்ளேயே தங்கி முதலாக வளரட்டும் என்றுதான் 1961 வருமான வரிச் சட்டத்தில் 80பி பிரிவு வந்தது. (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறுகிறது, சலுகை தொடர்கிறது.) உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த லாபத்தை முழுக்கவே கழித்துக்கொள்ளலாம்.

அந்த உறுப்பினர் என்ற வட்டத்தைத் தாண்டியதும் காரணமும் போய்விடுகிறது, சலுகையும் போய்விடுகிறது. சங்கத்திடம் சும்மா கிடந்த உபரிப் பணத்தைக் குறுகிய கால டெபாசிட்டில் போட்டு வாங்கிய வட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது என்று டோட்கார்ஸ் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. கூட்டுறவு வங்கிகள் சாதாரண வங்கி மாதிரியே ஊரார் எல்லோரிடமும் தொழில் செய்கின்றன என்பதால் 2006 நிதிச் சட்டம் அவற்றை 80பி-யிலிருந்து வெளியே எடுத்துவிட்டது, தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவைத்தது. 2017-ல் சிட்டிசன் கூட்டுறவு சங்க வழக்கு இன்னும் பெரிய பாடம். பெயரளவு உறுப்பினர் என்று ஒரு வகையை வைத்துக்கொண்டு பொதுமக்களிடமெல்லாம் டெபாசிட் வாங்கியது அந்தச் சங்கம். இது கூட்டுறவே இல்லை, நிதி வியாபாரம் என்று சலுகையை மறுத்துவிட்டது நீதிமன்றம். 2021-ல் மாவிலாயி வழக்கில், மாநிலச் சட்டமே பெயரளவு உறுப்பினரையும் உறுப்பினர் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கொடுத்த கடனின் லாபத்துக்கும் சலுகை உண்டு, உறுப்பினர் அல்லாதவரிடம் வந்த லாபத்துக்கு மட்டும் இல்லை என்று விளக்கியது. நூறு ரூபாய் கொடுத்து உறுப்பினராகுங்கள், வரியில்லாத டெபாசிட் போடுங்கள் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் அந்த 2017 தீர்ப்பை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள். இப்படி விற்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், எனக்கு அதில் கோபமே உண்டு.

சரி, இப்போது உங்கள் 60,000 ரூபாய் வட்டிக்கு வருவோம். மேலே சொன்னது எல்லாமே உபரியைப் பற்றி. உங்களுக்குச் சங்கம் கொடுக்கும் வட்டி உபரி இல்லை. அது சங்கத்தின் செலவு. சம்பளம், வாடகை மாதிரி அதையும் கழித்த பிறகுதான் உபரி எவ்வளவு என்ற கணக்கே ஆரம்பிக்கிறது. 80பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வட்டிக்குச் சங்கம் ஒரு நாளும் வரி கட்டப்போவதில்லை, ஏனென்றால் அது சங்கத்தின் வருமானமே இல்லை, உங்கள் வருமானம். வங்கியிலும் இதே கதைதான். டெபாசிட் வட்டியைச் செலவாகக் கழித்துவிட்டுத்தான் வங்கி தன் லாபத்துக்கு வரி கட்டுகிறது. "வரி கட்டிவிட்டு மிச்சத்தைத் தருகிறது" என்பது இரண்டு இடத்திலுமே நடக்காத விஷயம்.

அப்படியானால் இந்த 10% எங்கிருந்து வருகிறது? வரிச் சலுகையிலிருந்து வருகிறதா என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 20 கோடி டெபாசிட் வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்கு வருடத்தில் 20 லட்சம் உபரி என்று வையுங்கள். கம்பெனியாக இருந்திருந்தால் ஏறக்குறைய 25%, அதாவது 5 லட்சம் வரி போயிருக்கும். அந்த 5 லட்சம் முழுவதையும் டெபாசிட்தாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தாலும் 20 கோடியில் அது கால் சதவீதம்தான். ஆக வங்கியை விட நீங்கள் அதிகமாக வாங்கும் வட்டியில் வரிச் சலுகையின் பங்கு மிகக் கொஞ்சம். மீதி, உறுப்பினர்களிடம் கடனுக்கு அதிக வட்டி வாங்குவதால் வருகிறது. கூடவே நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் ஆபத்துக்கான கூலியும் அதில் இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு, கூட்டுறவு வங்கியானாலும், 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நாணயச் சங்கத்து டெபாசிட்டுக்கு அது கிடையாது. மொத்தம் 9 லட்சத்தை அங்கே வைக்கச் சொல்கிறார் மைத்துனர்.

டி.டி.எஸ். பிடிக்காததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. உறுப்பினருக்குக் கொடுக்கும் வட்டியில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று சிறிய சங்கங்களுக்கு விலக்கு இருக்கிறது, முந்தைய வருடம் மொத்த வரவு 50 கோடியைத் தாண்டிய பெரிய சங்கங்களும் கூட்டுறவு வங்கிகளும் பிடித்தாக வேண்டும். சங்கத்தின் கணக்கு வேலையைக் குறைக்கக் கொடுத்த விலக்கு அது. வரி கட்ட வேண்டிய பொறுப்பு உங்களிடமே அப்படியே இருக்கிறது. பங்கு ஈவு வந்தாலும் அதேதான்.

இனி நஷ்டக் கணக்கு. 60,000 வட்டிக்கு செஸ்ஸும் சேர்த்து 31.2% என்றால் வரி 18,720. கையில் நிற்பது 41,280, அதாவது 6.9%கூட முழுதாக இல்லை. அதே 6 லட்சத்தை வைத்துக் கடனை அடைத்திருந்தால் 66,000 வட்டி மிச்சமாகியிருக்கும். கல்யாணக் கடன் வட்டிக்கு வரியில் கழிவு எதுவும் கிடையாது, அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் முழு ரூபாய். வித்தியாசம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 24,700, இரண்டு வருடத்தில் 49,000-க்கும் மேல். இத்தனைக்கும் வரியே இல்லை என்று வைத்தாலும் 11% கடனை வைத்துக்கொண்டு 10% டெபாசிட் போடுவதில் வருடம் 6,000 போகத்தான் செய்கிறது. அந்த 14.5% என்ற கற்பனை எண்தான் இதைக்கூடப் பார்க்கவிடாமல் மறைத்திருக்கிறது. கடன் ஒரு பக்கம் ஓட டெபாசிட் ஒரு பக்கம் ஓடட்டும் என்று விடுவதுதான் உங்கள் பிரச்சினை, சங்கம் இல்லை.

முதலில் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று சங்கத்தில் எழுத்தில் கேளுங்கள். கடனை முன்கூட்டி அடைக்க வங்கி எவ்வளவு கட்டணம் கேட்கும் என்றும் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் முதிர்வு வரை காத்திருப்பதில் நீங்கள் இழப்பதைவிடக் குறைவாக வந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். முதிர்வுக்கு இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் காத்திருக்கலாம், ஆனால் புதுப்பிக்கக் கூடாது. பங்குத் தொகையும் மாதாந்திர சிக்கன சேமிப்பும் இருக்கட்டும். நாளை அவசரத்துக்கு நியாயமான வட்டியில் கடன் வாங்க அந்த உறுப்பினர் தகுதி உதவும், சங்கம் இருப்பதே அதற்குத்தான்.

அப்புறம் அந்த இரண்டு வருட வட்டி. சங்கத்திடம் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வட்டிச் சான்று வாங்குங்கள். கடைசி வருட ரிட்டர்னைத் திருத்த இன்னும் காலம் இருந்தால் சாதாரணமாகத் திருத்திவிடலாம். காலம் தாண்டிய வருடத்துக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் போட வேண்டும், அதில் வரியும் வட்டியும் போக அவற்றின் மேல் 25% கூடுதல் வரி வரும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அது 50%, அதற்கு மேல் தள்ளிப்போட்டால் இன்னும் ஏறும். நோட்டீஸ் வந்த பிறகு இந்த வழியே அடைபடலாம், அதனால் இந்த மாதமே ஆடிட்டரைப் பாருங்கள்.

மைத்துனரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். "கடனை அடைக்கிறேன், பணம் இல்லை" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. அவர் குழுவில் இருக்கிறவர் என்பதால் ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்: சங்கத்தின் தணிக்கை அறிக்கையில் உறுப்பினர் கடன் வட்டி எவ்வளவு, வங்கி டெபாசிட்டில் வந்த வட்டி எவ்வளவு, பெயரளவு உறுப்பினர் எத்தனை பேர் என்று. இரண்டாவதும் மூன்றாவதும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால், சங்கத்துக்கே வரி நோட்டீஸ் வரக்கூடிய இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அதை உங்கள் 3 லட்சத்தை விட முக்கியமாக அவர் கவனிக்க வேண்டியிருக்கும்.